காற்றில் கடகடக்கும் மர ஜன்னல்: கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது எது?

மர ஜன்னல் காற்றில் கடகடவென்று ஆடினால், வெளியே தெரியும் விரிசலில் எதையாவது பூசி அடைத்துவிடுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றில் முன்பு வேலை செய்தவர் அப்படித்தான் செய்திருந்தார். பார்க்க எல்லாம் அடைபட்ட மாதிரிதான் இருந்தது, சத்தம் மட்டும் குறையவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கண்ணாடி ஆடாமல் இருப்பதற்கு முன்னால் உள்ள பூச்சு பாதிதான் உதவும். மீதி வேலையைச் செய்வது கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே, பின்பக்கம் இருக்க வேண்டிய மெல்லிய புட்டிப் படுகை. அது இல்லாவிட்டால் முன்னால் எவ்வளவு பூசினாலும், பீடிங் எனும் மெல்லிய மரக்கீற்றை எவ்வளவு அடித்தாலும் சத்தம் திரும்ப வரும்.

அந்த ஜன்னலுக்கு இரண்டு கதவுகள். இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் 3 மில்லிமீட்டர் கண்ணாடி. இடது கதவில் பழைய புட்டி. வலது கதவில் கண்ணாடி ஒருமுறை உடைந்து மாற்றப்பட்டதால், புட்டிக்குப் பதில் மர பீடிங் அடித்திருந்தார்கள். காற்று வீசினால் இரண்டுமே சத்தம் போடும், ஆனால் இரண்டின் சத்தமும் ஒன்றல்ல. இடது பக்கம் மெல்லிய அதிர்வுபோல ஜிர்ரென்று கேட்கும். வலது பக்கம் டக் டக்கென்று தனித்தனியாகத் தட்டும்.

எந்த இடம் ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்ணாடி தன் இடத்தில் ஆடுவது ஒன்று, கதவே நிலையில் மோதுவது இன்னொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் வேறு. ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உள்ளங்கையால் மரச் சட்டத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சட்டம் நகர்ந்து நிலையில் இடித்தால் தாழ்ப்பாளோ கீலோ தளர்ந்திருக்கிறது. சட்டம் அசையவில்லை என்றால் கண்ணாடியின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, விரல் நுனியால் மெல்ல அழுத்தி விடுங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு பக்கங்களின் நடுவிலும் இதைச் செய்ய வேண்டும். நன்றாக உட்கார்ந்த கண்ணாடி விரலுக்கு மரம்போலத் தெரியும். தளர்ந்த இடத்தில் லேசாக உள்ளே போய்த் திரும்பும், சில சமயம் டிக்கென்று சின்னச் சத்தமும் கேட்கும். அரை மில்லிமீட்டர் இடைவெளி போதும். காற்று சீராக வீசுவதில்லை, விட்டு விட்டு அழுத்துகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணாடி உள்ளே போய்த் திரும்பும்போது மரத்தில் தட்டுகிறது. அதுதான் சத்தம்.

இப்படி அழுத்திப் பார்த்ததில் இடது கதவில் கீழ்ப்பக்கம் முழுவதும் தளர்ந்திருப்பது தெரிந்தது. வலது கதவில் எந்த ஓரத்தை அழுத்தினாலும் கண்ணாடி நகர்ந்தது.

இடது கதவின் கீழ்ப்பக்கம் மட்டும் ஏன் தளர்ந்தது? கண்ணாடிக்கான பழைய வகைப் புட்டி சாக்குப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்தது. எண்ணெய் காற்றுபட்டு மெல்லக் கெட்டிப்படும்போது புட்டி இறுகுகிறது. வருடங்கள் போகப் போக அந்த இறுக்கம் உடையும் தன்மையாக மாறி விரிசல் விடும். மரம் பச்சையாக, பிரைமர் பூசாமல் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் இருப்பது வெறும் பொடி. இதற்கு மேல் மழைநீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்ச் சட்டத்தில்தான் தங்குகிறது. விரிசலில் புகுந்த நீர் மரத்தை ஊதவைத்துச் சுருங்கவைத்து, மிச்சமிருக்கும் பிடிப்பையும் விட்டுப்போகச் செய்கிறது. அதனால் பழைய ஜன்னலில் புட்டி முதலில் போகும் இடம் பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான்.

புட்டியை எடுப்பதுதான் பொறுமை வேண்டிய வேலை. கையுறையும், கண்ணில் துகள் படாமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடியின் இரு பக்கமும் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டிவிட்டேன். தவறிப்போய் உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. கதவைக் கீலிலிருந்து கழற்றி மேஜைமேல் படுக்கவைத்துச் செய்வது நல்லது. நின்றபடி ஜன்னலிலேயே செய்தால் கண்ணாடி கழன்று விழும் பயம் எப்போதும் இருக்கும்.

பழைய பெயின்ட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல பத்தாண்டு பழைய ஜன்னல் என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், விழுந்த செதில்களைப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சூடான காற்றுத் துப்பாக்கியும் வேண்டாம். ஈயப் புகை ஒரு பக்கம் என்றால், ஒரே இடத்தில் படும் சூட்டில் கண்ணாடியும் விரிசல் விடும்.

விரிசல் விட்ட புட்டி உளியைத் தொட்டதுமே பெயர்ந்து வந்தது. மேற்பக்கத்தில் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. அங்கே உளியை மரத்தோடு படுக்கவைத்து, கூர் முனையைப் புட்டிக்கும் மரத்துக்கும் நடுவே கொடுத்து, பின்பக்கம் லேசாகத் தட்டினேன். உளியைக் கண்ணாடிமேல் ஊன்றி நெம்பவே கூடாது. நெம்பினால் கண்ணாடி அந்த இடத்திலேயே போய்விடும். தட்டிக்கொண்டே போகும்போது உளி திடீரென்று இரும்பில் இடிக்கும். அது கண்ணாடியைப் பிடித்திருக்கும் சின்னத் தலையில்லா ஆணி. துருப்பிடித்துப் புட்டிக்குள் மறைந்திருக்கும். அதைக் குறடால் நேராக இழுத்து எடுத்துவிட்டு அப்புறம்தான் மேலே போக வேண்டும். நான்கு பக்கமும் விடுபட்ட பின் கதவைச் சற்றே சாய்த்து, உள்பக்கமிருந்து உள்ளங்கையால் மெல்லத் தள்ளினால் கண்ணாடி வந்துவிடும்.

எடுத்ததும் காடி முழுதாகத் தெரிந்தது. கண்ணாடி உட்காருவதற்காகச் சட்டத்தில் படிபோலச் செதுக்கியிருக்கும் இடம்தான் காடி. மேற்பக்கமும் இரு பக்கங்களிலும் கண்ணாடிக்குப் பின்னால் பழைய புட்டியின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. கீழ்ப்பக்கம் அது ஒட்டுமொத்தமாகக் கரைந்து, மரம் கறுத்திருந்தது. கூரான ஒன்றால் குத்திப் பார்த்தேன். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை, அதனால் மரம் பிழைத்தது. மெத்தென்று உள்ளே இறங்கினால் மரம் அழுகிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எந்தப் புட்டியும் நிற்காது, சட்டத்தை மாற்றுவதுதான் வழி.

வலது கதவின் கதை வேறு. பீடிங்கை மெல்லிய உளியால் நடுவிலிருந்து நெம்பினேன். நடுப்பகுதி வளைந்து கொடுக்கும், மூலையில் தொடங்கினால் பீடிங் உடையும். எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் மரத்தில் கண்ணாடியைச் சாய்த்து, முன்னால் பீடிங் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். மரம் எங்கும் ஒரே சமமாக இருக்காது. அதனால் கண்ணாடி மேடான ஓரிரு இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது, மற்ற இடமெல்லாம் காலி. இதைப் பார்த்த எங்கள் தச்சர் மாமா, "பீடிங்கை இன்னும் இறுக்கி அடிச்சா சத்தம் போயிடும்னு நினைக்காதீங்க தம்பி, கண்ணாடிதான் போகும்" என்றார். அவர் சொன்னது சரி. மேடான ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அந்த இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். இறுக்கி அடிப்பது அந்த அழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும்.

இந்தக் காடியின் ஆழம் 14 மில்லிமீட்டர், அகலம் 9 மில்லிமீட்டர். இதில் பின்படுகைக்கு 2, கண்ணாடிக்கு 3 போனால் முன்னால் 9 மீதி. அந்த 9 மில்லிமீட்டரைத்தான் முன்புட்டியோ பீடிங்கோ நிரப்ப வேண்டும். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பீடிங் வெளியே துருத்திக்கொண்டு நிற்காது. கண்ணாடி காடிக்குள் நான்கு பக்கமும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். காடியின் உள் அளவு 302க்கு 452 இருந்தது, எங்கள் கண்ணாடி 298க்கு 448. மரம் ஈரத்தில் ஊதும்போது அந்த இடம் தேவைப்படும். விளிம்பு முட்ட வெட்டிய கண்ணாடி மழைக்காலத்தில் காரணமே தெரியாமல் விரிசல் விடுவது இதனால்தான்.

இனி புட்டி போடுவது. காடியை ஈரமாகச் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, மரத்துக்கான எண்ணெய் பிரைமரை ஒரு பூச்சு பூசினேன். மறுநாள் அது காய்ந்த பிறகே புட்டி. பிரைமர் பூசாமல் அவசரப்பட்டால் முன்னால் சொன்ன அதே எண்ணெய் உறிஞ்சல் மறுபடியும் நடக்கும். புட்டி வாங்கும்போது கண்ணாடிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். சுவருக்குப் பூசும் சிமெண்ட் பட்டி இதற்கு ஆகாது. அது காய்ந்ததும் வளைந்து கொடுக்காது, மரம் அசையும்போது பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

புட்டியைக் கையில் எடுத்து நன்றாகப் பிசைய வேண்டும். கையில் ஒட்டிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் சாக்குப் பொடி சேர்க்கலாம். விரிந்து பிளந்தால் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய். சரியான பதத்தில் அது விரலுக்கு இடையே கயிறுபோல உருளும், விரலில் ஒட்டாது. இந்த அளவுக் கண்ணாடி ஒன்றுக்குப் பின்படுகையும் முன்புட்டியும் சேர்த்து ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துப் பிறகு எறியுங்கள், இல்லையென்றால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

முதலில் பின்படுகை. புட்டியைப் பென்சில் தடிமனில் உருட்டி, காடியின் படியில் சுற்றிலும் விட்டுப்போகாமல் வைத்தேன். கீழ்ப்பக்கம் கண்ணாடியின் எடை மரத்தில் நேராக உட்காராமலிருக்க, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்ன ரப்பர் துண்டுகளை இரு மூலைகளிலிருந்தும் கால் பங்கு தூரத்தில் ஒவ்வொன்றாக வைத்தேன். அப்புறம் கண்ணாடியைக் கீழ் ஓரத்திலிருந்து இறக்கி, ஓரங்களை மட்டும் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் அழுத்தினால் கண்ணாடி உடையும். அழுத்தும்போது உள்பக்கம் புட்டி சுற்றிலும் பிதுங்கி வரும். வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்பதற்கு நான் நம்பும் ஒரே அடையாளம் இதுதான். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே படுகை இல்லை. கண்ணாடியை மறுபடி எடுத்து அந்த இடத்தில் கூடுதலாக வைத்தே ஆக வேண்டும். இடது கதவில் ஒரு மூலையில் அப்படித்தான் பிதுங்காமல் நின்றது. கொஞ்சம் சேர்த்து அழுத்தியதும் நூல்போலப் புட்டி வெளிப்பட்டது. அழுத்தி முடிக்கும்போது கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும்.

இந்த நிலையிலேயே ஆணி. 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் தலையில்லா சிறு ஆணிகளைக் கண்ணாடியை ஒட்டி, அதற்கு இணையாக மரத்தில் இறக்க வேண்டும். கண்ணாடிமேல் ஒரு அட்டையை வைத்து, உளியின் பக்கவாட்டையே சுத்தியாக்கி, கண்ணாடிமேலேயே சறுக்கித் தட்டலாம். சுத்தியைத் தூக்கி அடித்தால் ஒரு அடி தவறினாலும் போச்சு. ஆணி கண்ணாடியை நெருக்கக் கூடாது, தொட்டும் தொடாமலும் நின்றால் போதும். புட்டி இறுகும்வரை நகராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

முன்புட்டியைப் பெருவிரலால் அழுத்திக் காடி நிறைய அடைத்து, புட்டித் தகட்டை மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பில் சாய்வாக இழுத்தேன். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். சாய்வின் மேல் விளிம்பு, உள்ளேயிருந்து பார்க்கும்போது தெரியும் மரவிளிம்பைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்பதாக அமைத்தேன். அப்போதுதான் பின்னால் பெயின்ட் கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறினாலும் உள்ளேயிருந்து அது தெரியாது. அந்த 2 மில்லிமீட்டர் பெயின்ட்தான் புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீர் புகாமல் தடுக்கிறது. அதை அழகுக்காகச் சுரண்டிவிட்டால், அடுத்த விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உள்ளே பிதுங்கியதைக் கத்தியால் வெட்டி எடுத்தால் இடது கதவு முடிந்தது. பெயின்ட் அடிக்க ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மேல் தோல் இறுகி, விரலை வைத்தால் தடம் விழாமல் இருக்க வேண்டும்.

வலது கதவில் பீடிங்கையே மீண்டும் போடலாம் என்று முடிவு செய்தேன். நேராகக் காற்றும் மழையும் அடிக்கும் இடத்தில் என் விருப்பம் புட்டிதான், ஏனென்றால் பீடிங்கில் மூலைகள் என்ற பெயரில் நான்கு இணைப்புகள் உண்டு, நீருக்கு அவை வழி. ஆனால் இந்தக் கண்ணாடி ஒருமுறை உடைந்திருக்கிறது, மறுபடி உடைந்தால் கழற்றுவது எளிது. தவிர, மூலை இணைப்புகளைச் சரியாக அடைத்தால் பீடிங்கும் நன்றாகவே நிற்கும்.

காடிக்குப் பிரைமர் அடித்து, இங்கேயும் 2 மில்லிமீட்டர் படுகை வைத்தேன். புட்டிக்குப் பதில் இதற்கு நியூட்ரல் வகை சிலிக்கான். புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அமிலத்தை வெளிவிடும், ஆணித் துருவைச் சீக்கிரமே கிளப்பும். சிலிக்கானை ஒருமுறை உபயோகித்தால் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே வழிந்ததைக் காயும் முன்பே துடைத்துவிட வேண்டும். சிலிக்கானையும் எண்ணெய்ப் புட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசவும் வேண்டாம், இரண்டும் சரியாகப் பிடிக்காது. எங்கள் இடது கதவில் முன்பு பூசிய சிலிக்கான் உடைந்த புட்டிமேல் ஒட்டாமல் தோல்போல உரிந்து வந்தது.

பீடிங்கை மாட்டும் முன் எல்லாப் பக்கங்களிலும் பிரைமர் பூசவேண்டும். கண்ணாடியைத் தொடும் பக்கம் மட்டும் விடுபட்டால் ஈரம் அந்த வழியே ஏறும். மேல், கீழ்க் குட்டைத் துண்டுகளை முதலில் பொருத்தி, பக்கத் துண்டுகளைத் துளி நீளமாக வெட்டி, நடுவில் வளைத்து உள்ளே கொடுத்தேன். கைவிட்டதும் நேராகி, மூலைகளை இறுக்கிக்கொள்ளும். மூலைகளை 45 டிகிரியில் அறுத்திருந்தேன். கீழ்த் துண்டின் மேற்பரப்பை வெளிப்பக்கம் சாயும்படி லேசாக இழைத்துக்கொண்டேன், அதில் நீர் தேங்கினால் மரம் சீக்கிரம் கெட்டுவிடும். பீடிங்கின் கண்ணாடிப் பக்கத்திலும் மெல்லிய சிலிக்கான் கோடு ஒன்று வைத்து அழுத்தி, மெல்லிய ஆணிக்கு முன்கூட்டியே துளை போட்டு, கண்ணாடியை விட்டு விலகும் திசையில் சற்றே சாய்த்து அடித்தேன். துளை போடாவிட்டால் 9 மில்லிமீட்டர் பீடிங் பிளந்துவிடும். மூலைகளின் இடுக்கையும் சிலிக்கானால் அடைத்தேன்.

இரண்டையும் மாட்டியபின் காற்று அடித்த இரவில் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஜிர்ரும் இல்லை, டக்டக்கும் இல்லை. ஆனால் பெரும் காற்றில் மட்டும் அடங்கிய ஒரு தட்டல் மிச்சமிருந்தது. கண்ணாடியை அழுத்திப் பார்த்தால் எங்கும் அசைவில்லை, சட்டத்தைத் தள்ளினால் அசைந்தது. ஆக இது முன்னால் சொன்ன இரண்டாவது வகை. வலது கதவின் தாழ்ப்பாள் நாக்கு, அது நுழையும் ஓட்டையில் தாராளமாக நின்றது. ஓட்டையின் தகட்டைக் கழற்றி இரண்டு மில்லிமீட்டர் உள்பக்கம் தள்ளித் திருகினேன், கதவு நிலையோடு இழுத்து நின்றது. பழைய ஆணித்துளைகளிலேயே திருகாணி போட்டால் தகடு பழைய இடத்துக்கே நழுவும். அதனால் அந்தத் துளைகளைப் பசை தொட்ட மரக்குச்சியால் அடைத்து, அது காய்ந்தபின் புதிய துளை போட்டேன். நிலையின் உள்விளிம்பில் மெல்லிய நுரை டேப் ஒட்டியதும் தட்டலும் நின்றது. தடிமனான டேப் ஒட்டினால் கதவு மூடாது, மூட வற்புறுத்தினால் கீல் தளரும். அதனால் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டராகும் டேப்பையே எடுத்துக்கொண்டேன்.